‘ஆரடிச்சு நீ அழுதே’ தாலாட்டை ஆங்கிலத்தில் பாட வேண்டும், தூக்கம் கலையாமல்

தொட்டில்கட்டி

எல்லோருக்கும் வணக்கம். என் மகனுக்கு ஏழு மாதம் ஆகிறது. ஒஹாயோவில் இருக்கிறோம். கணவர் அமெரிக்கர், அவருக்கு ஆங்கிலம் மட்டும்தான். வாரத்தில் மூன்று நாள் எனக்கு இரவு வேலை, அன்றைக்கெல்லாம் பிள்ளையைத் தூங்க வைப்பது அவர் பொறுப்பு. பிள்ளை பிறந்ததிலிருந்து என் அம்மா மதுரையிலிருந்து வீடியோவில் பாடிப் பாடி, ஒரே ஒரு தாலாட்டுக்குத்தான் கண் சொக்குகிறான். வேறு எந்தப் பாட்டுக்கும் தலையைத் தூக்கிப் பார்க்கிறான்.

கணவர் மெட்டை நன்றாகப் பிடித்துவிட்டார். வார்த்தைதான் பிரச்சினை. தமிழிலேயே மனப்பாடம் செய்து பார்த்தார், இரண்டாவது வரியில் திக்குகிறார், திக்கியதும் குரல் இறுகுகிறது, பிள்ளை விழித்துக்கொள்கிறான். “என்ன சொல்கிறேன் என்று தெரிந்தால் என்னால் நிதானமாகப் பாட முடியும்” என்கிறார். அதனால் ஆங்கிலத்தில் ஒரு வடிவம் வேண்டும். நான் தமிழில் பாடும்போதும் அவர் ஆங்கிலத்தில் பாடும்போதும் பிள்ளைக்கு ஒரே பாட்டாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

அம்மா பாடுவது இப்படி:

ஆராரோ ஆரிரரோ ஆராரோ ஆரிரரோ
ஆரடிச்சு நீ அழுதே அடிச்சாரைச் சொல்லியழு
தொட்டாரைச் சொல்லியழு தோள்விலங்கு பூட்டிடுவோம்
மாமன் அடிச்சானோ மல்லிகைப்பூச் செண்டாலே
அத்தை அடிச்சாளோ அரளிப்பூச் செண்டாலே
பாட்டி அடிச்சாளோ பால்வார்க்கும் கையாலே
ஆரும் அடிக்கவில்லை ஐவிரலும் தீண்டவில்லை
தானா அழுதாண்டி தாய்மடி வேணுமின்னு

நான் எழுதியது:

ஹூ பீட் யூ, வை ஆர் யூ க்ரையிங்?
டிட் யுவர் மெட்டர்னல் அங்கிள் ஹிட் யூ வித் எ பொக்கே ஆஃப் ஜாஸ்மின்?
டிட் யுவர் பெட்டர்னல் ஆன்ட் ஸ்ட்ரைக் யூ வித் ஆலியாண்டர்?

இதைப் படித்ததும் கணவர் முகம் மாறிவிட்டது. “குழந்தையை யார் அடித்தார்கள்?” என்று நிஜமாகவே கேட்டார். அப்புறம் அரளி விஷச் செடி ஆயிற்றே என்றார். பாடிப் பார்த்தால் ‘மெட்டர்னல் அங்கிள்’ வரும் இடத்தில் ஆட்டுகிற கால் நின்றுவிடுகிறது.

ஒரு வேண்டுகோள்: ஆங்கில வரிகளைத் தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது, ஆனால் மருமகனோடு சேர்ந்து பாட வேண்டும் என்கிறார். நான் அப்படியே அனுப்பிவிடுவேன்.

கரிசல்காடு

தங்கச்சி, வெளிப்படையாகச் சொல்கிறேன், இதை மொழிபெயர்க்காதீர்கள். தாலாட்டில் உயிரே மோனைதான். மாமன் என்றால் மல்லிகை, அத்தை என்றால் அரளி, பாட்டி என்றால் பால். முதல் எழுத்து முதல் எழுத்தைக் கூப்பிடுகிறது. ஆங்கிலத்தில் அங்கிள் எங்கே, ஜாஸ்மின் எங்கே? வரவே வராது.

இன்னொன்று, இரண்டு மொழி வீட்டில் ஆளுக்கு ஒரு மொழி என்று பிரித்து வைப்பதுதான் நல்லது. அம்மா தமிழ், அப்பா ஆங்கிலம். ஒரே பாட்டை இரண்டு மொழியில் பாடினால் பிள்ளை குழம்பிப் பேச்சு தாமதமாகும். அவர் ஆங்கிலத் தாலாட்டு ஏதாவது பாடட்டும். இல்லை, வார்த்தையே இல்லாமல் நீலாம்பரி ராகத்தை முனகினாலே போதும், தூக்கத்துக்கென்றே உள்ள ராகம் அது.

வீணைக்கூடு

தொட்டில்கட்டி, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சேர்ந்திசை சொல்லிக்கொடுப்பது 25 வருடம் என் வேலை. தமிழ் மெட்டுக்கு ஆங்கில வார்த்தை, ஆங்கில மெட்டுக்குத் தமிழ் வார்த்தை என்று நிறைய உட்கார வைத்திருக்கிறேன். உங்கள் பாட்டு ஆங்கிலத்தில் வரும். ஆனால் முதலில் அம்மாவின் பாட்டில் திரும்பத் திரும்ப வருவது எது என்று பாருங்கள்.

நீங்கள் பொருளைப் பார்த்துவிட்டீர்கள். பிள்ளைக்குப் பொருள் தெரியாது. அவன் காதில் விழுவது வேறு. ஆராரோ, ஆரிரரோ, அடிச்சானோ, அடிச்சாளோ. எல்லாம் ‘ஓ’வில் முடிகிறது. செண்டாலே, கையாலே, ‘ஏ’யில் முடிகிறது. அரை வரிக்கு ஒருமுறை வாய் திறந்தபடி நிற்கிறது, அங்கேதான் தொட்டில் ஒரு ஓரத்துக்குப் போய்த் திரும்புகிறது. தமிழில் இது சிரமமில்லாமல் வரக் காரணம், நம் வினைமுற்று கடைசியில் வருகிறது, கேள்வி ‘ஓ’ அதன் வாலில் ஒட்டிக்கொள்கிறது. பத்து மாமன் பத்து அத்தை வந்தாலும் வால் ஒன்றுதான்.

ஆங்கிலத்தில் கேள்வி முன்னால் வந்துவிடுகிறது. ‘டிட் யுவர்’, ‘டிட் யுவர்’ என்று வரியின் தலையில் திரும்ப வருகிறது, வாலில் ஜாஸ்மின், ஆலியாண்டர் என்று ஒவ்வொரு முறையும் வேறு வேறு சத்தம். அதாவது திரும்ப வரும் இடம் தலைகீழாகிவிட்டது. அதனால்தான் உங்கள் வரி சரியான பொருளோடு இருந்தும் ஆட்டவில்லை.

இரண்டாவது, நீங்கள் பீட், ஹிட், ஸ்ட்ரைக் என்று மூன்று சொல் போட்டிருக்கிறீர்கள். கட்டுரை எழுதும்போது ஒரே சொல்லைத் திரும்ப எழுதாதே என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள், அந்தப் பழக்கம் கைக்கு வந்துவிடும். அம்மா ஒரே ‘அடிச்ச’தான் பாடுகிறார். ஒவ்வொரு வரியிலும் மாறுவது இரண்டே இரண்டு: யார், எதனால். மற்றதெல்லாம் அசையாமல் இருக்க வேண்டும். புதுச் சொல் வந்தால் பிள்ளை கவனிப்பான், கவனித்தால் தூக்கம் போய்விடும்.

இன்றைக்கு ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் ஆங்கில வரியின் கடைசிச் சொல்லை நான்கு எண்ணும் வரை இழுத்துப் பிடியுங்கள். ‘ஹிட்’, ‘ஸ்ட்ரைக்’ இழுபடாது, வாய் மூடிக்கொள்ளும். ‘லோ’, ‘ஸ்லோ’ இழுபடும். இழுபடாத சொல் எதுவும் வரியின் கடைசியில் வேண்டாம்.

கரிசல்காடு ஐயா, நீலாம்பரி பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் அவர் வார்த்தை கேட்கிறார். அப்புறம் இரண்டு மொழி கேட்டால் பேச்சு தாமதமாகும் என்பது பழைய பயம், பேச்சுப் பயிற்சி கொடுப்பவர்களே இப்போது அப்படிச் சொல்வதில்லை. ஆளுக்கு ஒரு மொழி என்பது ஒரு வசதியான பழக்கம், கட்டாயம் கிடையாது. இந்த வீட்டில் அது கெடவும் இல்லையே, அம்மா தமிழில் பாடுகிறாள், அப்பா ஆங்கிலத்தில் பாடப் போகிறார்.

பிலிம்சுருள்

யூடியூபில் போட சப்டைட்டில்தானே கேட்கிறீர்கள்? அப்படியென்றால் இழுபடுவது, ஆட்டுவது எதுவும் கவலைப்பட வேண்டாம், ஒரு வரிக்கு இரண்டு நொடி படிக்கக் கிடைக்கும், பொருளைச் சுருக்கமாகப் போட்டால் போதும். ‘மதர்ஸ் ப்ரதர்’ என்று போடுங்கள், ‘மெட்டர்னல் அங்கிள்’ நீளம்.

தொட்டில்கட்டி

பிலிம்சுருள், சப்டைட்டிலுக்கு இல்லை, இருட்டில் பாட. ஆனாலும் நீங்கள் சொன்னதில் எனக்கு ஒன்று கிடைத்தது. பொருளுக்குத் தனியாக ஒரு தாள் எழுதிக் கணவரிடம் கொடுத்துவிட்டேன். மாமன் என்றால் யார், சீர் என்றால் என்ன, பூச்செண்டால் அடித்தால் வலிக்காது, அது செல்லம் என்று எல்லாம் அதில் இருக்கிறது. இனி பாட்டுக்குள் எல்லாவற்றையும் விளக்க வேண்டிய பாரம் இல்லை.

வீணைக்கூடு அம்மா, நீங்கள் சொன்ன சோதனையைச் செய்தேன். என் வரிகளில் ஒன்றுகூடத் தேறவில்லை. ‘ஜாஸ்மின்’ கூட ‘ன்’னில் மூடிக்கொள்கிறது. அடுத்து எங்கே தொடங்குவது?

வீணைக்கூடு

‘ஓ’வில் தொடங்குங்கள். ஆராரோவின் அந்த ‘ஓ’ ஆங்கிலத்தில் தாராளமாகக் கிடைக்கிறது. ஸோ, லோ, ஸ்லோ, ஸ்னோ, நோ, கோ, டோ, ஃப்ளோ. எல்லாம் சின்னச் சொல், எல்லாம் குழந்தைச் சொல். இரண்டு மொழிக்கும் பொதுவான இந்த ஒரு சத்தத்தில் எல்லா வரியையும் முடித்துவிட்டால், பிள்ளைக்கு இரண்டும் ஒரே பாட்டாகக் கேட்கும். நீங்கள் கேட்டதும் அதுதானே.

அப்புறம் தட்டு. மெதுவாக ஆட்டிக்கொண்டே எண்ணினால் ‘மாமன் அடிச்சானோ’வுக்கு நான்கு தட்டு, ‘மல்லிகைப்பூச் செண்டாலே’வுக்கு நான்கு தட்டு. ஆங்கிலத்தில் நெடில் குறில் கணக்கு செல்லாது, எந்த அசையை அழுத்துகிறோம் என்பதுதான் கணக்கு. அழுத்தம் விழும் அசை தட்டின் மேல் விழ வேண்டும், அழுத்தமில்லாத ‘வித்’, ‘எ’, ‘த’ எல்லாம் நடுவில் ஒதுங்க வேண்டும். அரை வரிக்கு ஏழு அசை வைத்தால் நான்கு தட்டும் நிறைந்து கடைசியில் ஒரு மூச்சுக்கு இடம் கிடைக்கும்.

வாஸ் இட் மாமா, வாஸ் இட் ஸோ,
வித் எ ஜாஸ்மின் ஸாஃப்ட் ஆஸ் ஸ்னோ?

மா-மா என்பதில் முதல் ‘மா’ மீது தட்டு. ஜாஸ்-மின்னில் ‘ஜாஸ்’ மீது தட்டு. கணவரைத் தொடையில் தட்டிக்கொண்டே படிக்கச் சொல்லுங்கள். எந்த இடத்திலாவது அவர் அவசரப்பட்டால் அங்கே அசை கூடுதல், எங்காவது இழுத்து நிரப்பினால் அசை குறைவு. ‘மெட்டர்னல் அங்கிள்’ வரியில் கால் நின்றதற்குக் காரணம் இதுதான், ஒரு தட்டுக்குள் நான்கு அசையைத் திணித்திருந்தீர்கள்.

அடிச்சானோ என்ற சொல்லையே எடுத்துவிட்டேன் பாருங்கள். ‘வாஸ் இட் மாமா’ என்றால் மாமாவா, அவர்தானா என்று மட்டும்தான் கேட்கிறது. முன்வரியில் யார் அழ வைத்தது என்று கேட்டுவிட்டால் போதும்:

ஹூ ஹாஸ் மேட் யுவர் டியர்ட்ராப்ஸ் ஃப்ளோ?
டெல் மீ, கண்ணே, லெட் மீ நோ.

கண்ணே, மாமா, அத்தை, பாட்டி நான்கையும் மாற்றாதீர்கள். இவர்கள் அவனுடைய ஆட்கள், அவன் கூப்பிடப்போகிற பெயர்கள். அங்கிள் என்றால் எதிர்வீட்டுக்காரரும் அங்கிள்தான்.

ஆராரோவையும் தொட வேண்டாம். அதில் ஆர், ஆர் என்று ‘யார்’ ஒளிந்திருக்கிறது என்று சொல்வார்கள். அதற்காகவே அடுத்த வரியை ‘ஹூ’ என்று தொடங்கினேன், அதுவும் ஊதி அணைக்கிற சத்தம்தான். கணவருக்கு நம் ‘ர’ வரவில்லை என்றால் ‘லேடர்’, ‘வாட்டர்’ என்று அமெரிக்கர்கள் வேகமாகச் சொல்லும்போது நடுவில் நாக்கு ஒரு தட்டுத் தட்டும் பாருங்கள், அந்தத் தட்டுதான் நம் ‘ர’. அவருக்கு அது ஏற்கெனவே தெரியும், இடம் மட்டும் மாறுகிறது.

யாழ்ப்பாணத்தாள்

இதைப் படித்துக்கொண்டு வரும்போது எனக்கு ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாங்கள் டொரன்டோவில் இருக்கிறோம். என் மகளுக்கு இப்போ ஒன்பது வயது. அவள் கைக்குழந்தையாக இருந்தபோது இதேபோல் அம்மம்மாவின் பாட்டை நான் ஆங்கிலமாக்கினேன், நன்றாகவே வந்தது, அவளுக்கு இன்றைக்கும் அது மனப்பாடம். ஆனால் தமிழ்ப்பாட்டு அவளுக்குத் தெரியாது. ஏனென்றால் ஆங்கிலம் வந்தபிறகு களைத்துப்போய் வீட்டுக்கு வரும் நாளில் நானும் ஆங்கிலத்திலேயே பாடத் தொடங்கிவிட்டேன். எனக்கே தெரியாமல் அது நடந்தது. போன வருடம் அம்மம்மா தொலைபேசியில் பாடினபோது, “இது என்ர பாட்டின்ர மெட்டு, அம்மம்மா ஏன் வேற சொல்லுப் போட்டுப் பாடுறா?” என்று கேட்டாள்.

உங்களைத் தடுக்கவில்லை. நீங்கள் பாடும் நாட்களில் தமிழை விடாதீர்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

இன்னொன்று, எங்கள் வீட்டில் அப்பாவின் சகோதரியும் மாமிதான், அத்தை என்று கூப்பிடுவதில்லை. எங்கள் பாட்டில் அரளி வந்த நினைவில்லை, மாமிக்கும் மல்லிகைதான்.

தொட்டில்கட்டி

யாழ்ப்பாணத்தாள் அக்கா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. இங்கே தமிழ் பேச நான் ஒருத்தி, வீடியோவில் அம்மா, அவ்வளவுதான். நான் தூங்க வைக்கும் நான்கு நாளும் தமிழில் மட்டும் பாடுவது என்று முடிவு செய்கிறேன், களைப்பாக இருந்தால் ஆராரோ மட்டும் பாடினாலும் பரவாயில்லை.

வீணைக்கூடு அம்மா, ‘மாமா’ வரி அருமையாக உட்கார்ந்துவிட்டது! நேற்றுக் கணவர் பாடினார், கால் நிற்கவில்லை. ஒரே சிக்கல், அவர் ‘ஸோ’, ‘ஸ்னோ’ பாடும்போது கடைசியில் உதடு குவிந்து ‘ஸோவ்’ என்று முடிகிறது. அம்மாவின் ‘ஓ’ போல் திறந்து நிற்கவில்லை.

அத்தை வரிக்கு அரளியை விட்டுவிட்டு அல்லியாக்கிவிட்டேன்:

வாஸ் இட் அத்தை, வாஸ் இட் ஸோ,
வித் எ லில்லி ஸ்விங்கிங் லோ?

வீணைக்கூடு

அது ஆங்கில ‘ஓ’வின் இயல்பு, தொடங்கும்போது ‘ஓ’, முடியும்போது ‘உ’. அவரிடம் உதட்டை வட்டமாக வைத்து அப்படியே நிறுத்தச் சொல்லுங்கள், குவிப்பதைக் கடைசித் தட்டுக்கு மட்டும் விடச் சொல்லுங்கள். இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். வராவிட்டாலும் பெரிய நஷ்டம் இல்லை, அது அவன் அப்பாவின் ‘ஓ’.

அல்லி வரி நன்றாக இருக்கிறது. ‘அல்லிப்பூச் செண்டாலே’ என்று பாடுகிற வீடுகளும் உண்டு, அதனால் பாட்டை மாற்றிவிட்டோமோ என்று நினைக்க வேண்டாம்.

கரிசல்காடு

நான் முதலில் சொன்னதில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறுகிறேன். அந்த மாமா வரியை நானே பாடிப் பார்த்தேன், ஆடுகிறது. மோனை இல்லாவிட்டாலும் எல்லா வரியும் ஒரே எழுத்தில் முடிவது மோனை செய்கிற வேலையைச் செய்கிறது.

ஆனால் அரளியை எடுக்காதீர்கள் தங்கச்சி. மாமன் யார்? பாடுகிற தாயின் கூடப்பிறந்தவன். அவனுக்கு மணக்கிற மல்லிகை. அத்தை யார்? அவளுடைய நாத்தனார். அவளுக்கு விஷமுள்ள அரளி. பிறந்த வீட்டுக்கு ஒரு பூ, புகுந்த வீட்டுக்கு ஒரு பூ. வாய் திறந்து சொல்ல முடியாததைத் தொட்டிலாட்டும்போது பிள்ளையிடம் சொல்லியிருக்கிறாள் ஒரு பெண். எங்கள் ஆத்தா இந்த வரி வரும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்துவார், அடுப்படியில் அத்தை இருப்பார். அரளியை எடுத்து அல்லி போட்டால் அந்தப் பெண்ணின் வாயை மூடுகிற மாதிரி இருக்கிறது எனக்கு.

அதேபோல் ‘தோள்விலங்கு’ எங்கே? அதையும் விட்டுவிட்டீர்களே.

வீணைக்கூடு

ஐயா, அடுப்படி விஷயம் எனக்கும் பட்டதுதான். ஆனால் அம்மன் மாலைக்கும் அரளிதான் கட்டுகிறோம், மோனைக்காக மட்டுமே அரளி வந்திருக்கவும் கூடும். எது என்று பாட்டை வைத்து மட்டும் முடிவு சொல்ல முடியாது.

ஒன்று பாருங்கள் தொட்டில்கட்டி. நீங்கள் ‘ஆலியாண்டர்’ என்று எழுதியதை ‘ஓலியாண்டர்’ என்று சொல்லிப் பாருங்கள், அதுதான் சரியான உச்சரிப்பும். ஓ-லி-ஆன்-டர், முதல் அசையும் மூன்றாவது அசையும் அழுத்தம், அப்படியே இரண்டு தட்டு. ‘வித் எ’ இல்லாமலே வரி நிறைகிறது:

வாஸ் இட் அத்தை, வாஸ் இட் ஸோ,
ஓலியாண்டர் பெண்டிங் லோ?

‘ஸோ’வில் முடிந்து ‘ஓ’வில் தொடங்கி ‘லோ’வில் முடிகிறது. பாட்டில் மிக இனிமையான வரியே இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. விஷச் செடி பாட்டில் இருப்பதற்குக் கணவர் தயங்கினால், ‘ராக் அ பை பேபி’யில் கிளை முறிந்து தொட்டில் பிள்ளையோடு கீழே விழுகிறதே, அதைத் தலைமுறை தலைமுறையாகப் பாடித்தானே தூங்க வைத்தார்கள் என்று கேளுங்கள்.

விலங்கு வரிக்கு இது:

டெல் மீ, டெல் மீ, அண்ட் ஐ’ல் கோ
டை தெர் ஹேண்ட்ஸ் அப் இன் எ போ.

‘போ’ என்றால் பரிசுப் பொட்டலத்தின் மேல் ரிப்பனில் கட்டுகிற முடிச்சு. தண்டனையும் ஆயிற்று, யாருக்கும் வலிக்கவும் இல்லை. பூச்செண்டால் அடிப்பது எப்படி அடியில்லையோ அப்படி.

கரிசல்காடு

ஓலியாண்டர் வரிக்கு வணக்கம் அம்மா. ரிப்பனுக்கு நான் ஒப்பமாட்டேன். பூட்டிடுவோம் என்று அந்தத் தாய் உறுதியாகச் சொல்கிறாள். பிள்ளைக்கு அந்த உறுதிதான் அரவணைப்பு. ரிப்பன் கட்டினால் அது விளையாட்டாகிவிடுகிறது.

யாழ்ப்பாணத்தாள்

எனக்கு ரிப்பன் பிடித்திருக்கிறது. விலங்கு என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் பிள்ளைக்குப் பாடமாட்டோம். அது ஒவ்வொரு குடும்பத்தையும் பொறுத்தது.

தொட்டில்கட்டி

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். கடைசி இரண்டு வரியை நானும் கணவரும் உட்கார்ந்து முடித்தோம். ‘ஐவிரலும் தீண்டவில்லை’யை விட எனக்கு மனமில்லை, அதனால் விரல் இருக்கிறது. இப்போது முழுப்பாட்டு:

ஆராரோ ஆரிரரோ ஆராரோ ஆரிரரோ
ஹூ ஹாஸ் மேட் யுவர் டியர்ட்ராப்ஸ் ஃப்ளோ? டெல் மீ, கண்ணே, லெட் மீ நோ
டெல் மீ, டெல் மீ, அண்ட் ஐ’ல் கோ, டை தெர் ஹேண்ட்ஸ் அப் இன் எ போ
வாஸ் இட் மாமா, வாஸ் இட் ஸோ, வித் எ ஜாஸ்மின் ஸாஃப்ட் ஆஸ் ஸ்னோ?
வாஸ் இட் அத்தை, வாஸ் இட் ஸோ, ஓலியாண்டர் பெண்டிங் லோ?
வாஸ் இட் பாட்டி, வாஸ் இட் ஸோ, வித் ஹெர் மில்க்-ஹேண்ட், ஸாஃப்ட் அண்ட் ஸ்லோ?
நோ ஒன், நோ ஒன், நோ ஒன், நோ, நாட் எ ஃபிங்கர், நாட் எ டோ
ஆன் யுவர் ஓன் யூ க்ரைட், அண்ட் ஸோ இன்டு டாடி’ஸ் லாப் யூ கோ

அம்மாவுக்கு அனுப்பினேன். “மல்லிகைக்குப் பனி எதுக்குடி, நம்ம ஊரில் ஏது பனி” என்றார். நானும் யோசித்தேன். ஆனால் இந்தப் பிள்ளைக்கு ஜன்னலுக்கு வெளியே தெரிவது பனிதான், மல்லிகையை அவன் இன்னும் பார்க்கவே இல்லை. தெரிந்ததை வைத்துத் தெரியாத பூவைச் சொல்வது சரிதானே என்று விட்டுவிட்டேன்.

செவ்வாய் இரவு நான் வேலைக்குக் கிளம்பாமல் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். கணவர் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, நீட்டிய காலில் தலையணை வைத்துப் பிள்ளையைப் போட்டு ஆட்டுகிறார், அம்மா சொல்லிக்கொடுத்த மாதிரியே. மாமா வரி வரை கண் திறந்திருந்தது. பாட்டி வரியில் ஒருமுறை உடம்பு தூக்கிப் போட்டது, மில்க்-ஹேண்ட் இரண்டும் அடுத்தடுத்து முட்டிக்கொள்கிற மாதிரி எனக்குக் கேட்டது. ‘நோ ஒன் நோ ஒன்’ வந்ததும் விரல் தளர்ந்து விரிந்தது. அதற்குப் பிறகு கணவர் வார்த்தையை விட்டுவிட்டு ஆராரோ மட்டும் பாடினார், பிறகு ‘ரோ ரோ’ மட்டும், பிறகு முனகல். அதை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, என் அம்மா பாடி முடிப்பதும் அப்படித்தான்.

வீணைக்கூடு அம்மா, பாட்டி வரியை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.

வீணைக்கூடு

சரியாகக் கேட்டிருக்கிறீர்கள். அந்த வரியில் அசை ஏழுதான், ஆனால் ‘மில்க்’கின் ‘க்’, ‘ஹேண்ட்’டின் ‘ட்’, ‘ஸாஃப்ட்’டின் ‘ட்’ மூன்றும் வரிசையாக வெடிக்கின்றன. ‘ஸாஃப்ட்’ ஏற்கெனவே மல்லிகைக்குப் போய்விட்டது. இப்படி மாற்றுங்கள்:

போரிங் மில்க் ஸோ வார்ம் அண்ட் ஸ்லோ?

பால்வார்க்கும் என்பது அப்படியே வந்துவிட்டது, கை என்ற சொல் போய்விட்டது. கை வேண்டுமென்றால் வேறு வரி தேட வேண்டும், எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

தொட்டில்கட்டி

ஏழு அசை, எண்ணிவிட்டேன். இன்றிரவு இதைப் பாடச் சொல்கிறேன். கை போனது எனக்கும் வருத்தம்தான், தேடிக்கொண்டே இருக்கிறேன்.

கணவரின் அம்மா இதைக் கேட்டுவிட்டு, மாமா வருகிறார், அத்தை வருகிறார், பாட்டி வருகிறார், நான் எங்கே என்று கேட்டார். அவர் கையில் எப்போதும் பின்னல் ஊசியும் நூலும் இருக்கும். கணவரே எழுதிச் சேர்த்துவிட்டார்:

வாஸ் இட் க்ராண்ட்மா, வாஸ் இட் ஸோ,
வித் ஹெர் நிட்டிங், டூ அண்ட் ஃப்ரோ?

இதற்குத் தமிழ் வரி வேண்டும் என்று மதுரையிலிருந்து அம்மா கேட்கிறார். சம்பந்தியைப் பெயர் சொல்ல மாட்டாராம், ‘அப்பத்தா’ என்று வைத்துத் தேடுகிறார்.

கரிசல்காடு

அப்பத்தா அடிச்சாளோ அல்லிப்பூச் செண்டாலே. நீங்கள் விட்ட அல்லி சும்மாதானே கிடக்கிறது.

தொட்டில்கட்டி

ஐயா, அம்மாவிடம் படித்துக் காட்டினேன். இரண்டு முறை பாடிப் பார்த்துவிட்டு, “பின்னுற நூலைக் காணோமே” என்கிறார். மோனையும் வேண்டும், நூலும் வேண்டுமாம்.

கரிசல்காடு

சரி, ஒரு நாள் கொடுங்கள்.